1 ரூபிள் 15 கோபெக்: 'குற்றமும் தண்டனையும்' நாவலில் அடகுக் கணக்கு பற்றி ஒரு சந்தேகம்

சயான்வாசகி (செவ்வாய், இரவு 10.40)

கிங்ஸ் சர்க்கிள் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. சயானிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை ரயிலில் தினமும் ஏழெட்டுப் பக்கம் என்று ஓடுகிறது. தஸ்தயேவ்ஸ்கி என்றால் மனசாட்சி, பாவம், மன்னிப்பு என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். எனக்கோ முதல் அத்தியாயத்திலேயே கணக்கு இடிக்கிறது.

ரஸ்கோல்னிகோவ் அப்பாவின் கைக்கடிகாரத்தை... இல்லை, சட்டைப்பைக் கடிகாரத்தை அடகு வைக்கப் போகிறான். 4 ரூபிள் கேட்கிறான். கிழவி அல்யோனா இவானோவ்னா ஒன்றரை ரூபிள்தான் தருவேன் என்கிறாள். கடைசியில் அவன் கையில் விழுவது 1 ரூபிள் 15 கோபெக். ஒரு ரூபிளுக்கு 100 கோபெக் என்றால் 35 கோபெக் எங்கே போனது? வட்டியை முன்கூட்டியே பிடிக்கிறாள் என்பது புரிகிறது. ஆனால் அது 15தானே? மீதி 20 எதற்கு?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இந்தச் சில்லறைக் கணக்குகளைச் சுத்தமாக வெட்டி எறிந்தால் கதை நிற்குமா, நிற்காதா?

கல்யாண்ஃபாஸ்ட் (செவ்வாய், இரவு 11.05)

ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. ரூபிளுக்கு மாதம் 10 கோபெக், அதாவது மாதம் பத்து வட்டி, வருஷத்துக்கு 120. சுத்தக் கந்துவட்டி. பையன் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் கிடக்கிறான், அவள் ரத்தத்தை உறிஞ்சுகிறாள், அவன் கோடாரியைத் தூக்குகிறான். மறுநாளே போலீஸ் சந்தேகப்பட்டு அவனைக் கூப்பிடுகிறது. வறுமைதான் காரணம், கதை முடிந்தது.

கவுண்டர்நாலு (புதன், காலை 6.20)

நான் வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவன். இப்போது செம்பூரில் ஓய்வு. இந்த நாவலை மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்றாவது தடவை பென்சிலோடு.

அம்மா சயான்வாசகி, அந்த 20 கோபெக் மோதிரத்துக்கு. போன மாதம் அவன் ஒரு மோதிரம் வைத்து 2 ரூபிள் கடன் எடுத்திருக்கிறான். தங்கை துனியா பிரியும்போது கொடுத்த மோதிரம். அதன் தவணை இரண்டு நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்த மாத வட்டியையும் கொண்டுவந்து தருகிறேன், கொஞ்சம் பொறு என்று அவன் கெஞ்சுகிறான். பொறுப்பதும் விற்பதும் என் இஷ்டம் என்கிறாள் அவள். அப்புறம் 2 ரூபிளுக்கு அடுத்த மாத வட்டி 20 கோபெக்கைக் கடிகாரப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்கிறாள். இந்தப் பதினைந்தும் அந்த இருபதும் சேர்ந்து 35.

இதைத்தான் நாங்கள் புதுப்பிப்பு என்போம். ஒரு பொருளைக் காப்பாற்ற இன்னொரு பொருளை உள்ளே விடுவது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் செய்தவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வளையலை மீட்க வரவில்லை, வளையலின் வட்டிக்காகக் கம்மலோடு வருவார்கள்.

அவன் நிலைமையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மோதிரத்துக்கும் இதே வழக்கப்படி வட்டியைக் கழித்திருந்தால் அன்று கையில் 1.80 வந்திருக்கும். இன்று 1.15. மொத்தம் கிடைத்தது 2.95. பொருள்களை மீட்க அவன் கட்ட வேண்டியது 3.50. ஒரு மாதம் கழித்து இரண்டையும் காப்பாற்ற மட்டும் இன்னொரு 35 கோபெக். அசலில் ஒரு கோபெக்கூடக் குறையாது.

கல்யாண்ஃபாஸ்ட் தம்பி, மாதம் பத்து என்பது சரி. ஆனால் முன்கூட்டிக் கழிப்பதால் அவன் கைக்கு வருவது 1.35தான். 1.35க்கு 15 என்றால் பதினொன்றுக்கும் மேல். போலீஸ் சமாச்சாரத்தில் நீங்கள் சொன்னது தவறு. அதை மாலையில் எழுதுகிறேன், இப்போது நடைக்குப் போக வேண்டும்.

பன்வெல்மீனா (புதன், காலை 9.15)

நகைக்கடன் பற்றிப் பேசுகிறீர்களே, என்னிடம் ஒரு நாலு பவுன் செயின் இருக்கிறது. வங்கியில் வைப்பது நல்லதா, தெருமுனை சேட்டு கடையில் வைப்பது நல்லதா? வங்கியில் ரொம்ப அலைக்கழிப்பார்கள் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்யாண்ஃபாஸ்ட் (புதன், காலை 9.20)

அக்கா, இது 1866-இல் வந்த ரஷ்ய நாவல் பற்றிய இழை 😄

பன்வெல்மீனா (புதன், காலை 9.31)

தலைப்பில் அடகு என்று இருந்தது, வந்தேன். சரி, அந்தக் கிழவி மதிப்பில் எவ்வளவு பங்கு கொடுத்தாள்?

கவுண்டர்நாலு (புதன், மாலை 5.50)

மீனாம்மா கேட்டது நல்ல கேள்வி. நான் வேலையில் இருந்தபோது நகை மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் கொடுப்போம். நாவலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு மாணவன் அல்யோனாவைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறான். அவள் மதிப்பில் கால் பங்குதான் தருவாள், மாதம் ஐந்து வட்டி, ஏழுகூட வாங்குவாள், ஒரு நாள் தவறினாலும் பொருள் போச்சு என்கிறான்.

இங்கே ஒரு முடிச்சு கவனித்தீர்களா? ஊர்ப் பேச்சில் ஐந்து, ஏழு. ரஸ்கோல்னிகோவிடம் பத்து. தஸ்தயேவ்ஸ்கி மறந்துவிட்டாரா என்று முதலில் நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. தொகை சிறியதாக ஆக வட்டி கூடும். பெரிய பொருளோடு வருகிறவனிடம் ஐந்து, ஒன்றரை ரூபிளுக்கு நிற்பவனிடம் பத்து. இது என் ஊகம்தான்.

மோதிரத்தைப் பற்றி அவள் சொல்வதையும் பாருங்கள். போன தடவை 2 ரூபிள் கொடுத்தேன், அதைக் கடையில் புதிதாகவே ஒன்றரைக்கு வாங்கலாம் என்கிறாள். மதிப்புக்கு மேல் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே அதைத் திருப்பித் தர மறுக்கிற வட்டிக்கடைக்காரரை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்.

போலீஸ் விஷயம். கொலைக்கு மறுநாள் காலை அழைப்பு வருவது சந்தேகத்தால் அல்ல. அவன் வீட்டுக்காரியிடம் எழுதிக் கொடுத்த 115 ரூபிள் கடன் பத்திரத்தால். அவளுடைய மகளுக்கும் இவனுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. அந்தப் பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு வீட்டுக்காரி, பாக்கிக்கெல்லாம் ஒரு பத்திரம் எழுதிக் கொடு, நீயாகக் கொடுக்கும் வரை இதை எடுக்கவே மாட்டேன் என்று நயமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறாள். பிறகு அந்தப் பத்திரம் செபாரோவ் என்ற ஆளிடம் கைமாறுகிறது. அவன் வழக்குப் போடுகிறான். உறவாக இருந்த பாக்கி பத்திரமானதும், அதை யார் வேண்டுமானாலும் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டலாம்.

ஸ்டேஷனில் அவனிடம் எழுதி வாங்குவது என்ன? பணம் கட்டாமல் தலைநகரை விட்டுப் போக மாட்டேன், சொத்தை விற்கவோ மறைக்கவோ மாட்டேன் என்று. கையெழுத்துப் போட்டு முடிக்கும்போதுதான் அதே அறையில் கொலை பற்றிப் பேசிக்கொள்வது காதில் விழுகிறது, மயங்கி விழுகிறான். பாக்கி வைக்காமல் இருந்திருந்தால் அவன் அந்த அறைக்குள் போயிருக்கவே மாட்டான். மயக்கமும் இல்லை, அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமும் இல்லை.

ரஸ்யசாலை (புதன், இரவு 8.10)

மன்னிக்கவும், இதெல்லாம் மேடைப் பொருட்கள். நாற்காலி எங்கே இருக்கிறது என்று எண்ணிவிட்டு நாடகம் புரிந்துவிட்டது என்கிறீர்கள். அவன் கொல்வது ஒரு கருத்துக்காக. அசாதாரண மனிதனுக்குச் சட்டத்தைத் தாண்டும் உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. ஆதாரம் வேண்டுமா? திருடிய பணத்தை அவன் தொடவே இல்லை. பணப்பையை வஸ்னெசென்ஸ்கி சாலையருகே ஒரு முற்றத்தில் கல்லுக்கு அடியில் புதைத்துவிட்டுப் போய்விடுகிறான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றுகூட எண்ணவில்லை. பிறகுதான் 317 ரூபிள் 60 கோபெக் என்று தெரிகிறது. மேலே இருந்த பெரிய நோட்டுகள் ஈரத்தில் கெட்டுப்போயிருந்தன. வறுமைக்காகக் கொன்றவன் இப்படிச் செய்வானா?

தொண்ணூறடி (புதன், இரவு 11.45)

நான் தாராவி. தோல் பை வேலை. நாவல் முழுக்கப் படிக்கவில்லை, இந்த இழையைப் பார்த்துவிட்டு அம்மாவின் கடிதம் வருகிற அத்தியாயத்தை மட்டும் நண்பனிடம் வாங்கிப் படித்தேன். கருத்து பற்றி எனக்குத் தெரியாது. துனியா பற்றித் தெரியும்.

ஸ்விட்ரிகைலோவ் வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகும்போது அவள் 100 ரூபிள் முன்பணமாக வாங்கிவிடுகிறாள். மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். வீட்டு எஜமானன் அவளிடம் தவறாக நடக்க ஆரம்பித்த பிறகும் உடனே கிளம்ப முடியவில்லை. கிளம்பினால் மிச்சப் பணத்தைக் கீழே வைக்க வேண்டும். அந்த 100-இல் 60 அண்ணனுக்கு அனுப்பியது. அண்ணனிடம் சொன்னது என்ன? துனியாவின் சேமிப்பு என்று.

எங்கள் அப்பா நெல்லையிலிருந்து வந்து சேர்ந்த பட்டறையில் முதல் வாரமே ஐயாயிரம் முன்பணம் வாங்கினார். பாட்டியின் வைத்தியத்துக்கு. வாரக் கூலியில் கழித்தார்கள். பாதி அடைந்ததும் தீபாவளிக்கு மறுபடி வாங்கினார். எதிர்ச் சந்தில் பைக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தார்கள், போக முடியவில்லை. ஊருக்கு எழுதிய கடிதத்தில் 'முதலாளி நல்லவர், கேட்டதும் கொடுக்கிறார்' என்று இருக்கும். பொய்யில்லை, கேட்டதும் கொடுத்தார்தான்.

துனியா கோழை என்று நண்பன் சொன்னான். அவனுக்கு முன்பணம் என்றால் என்னவென்று தெரியாது.

சயான்வாசகி (வியாழன், காலை 8.25)

தொண்ணூறடி, நேற்று இரவு நானும் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். முதல் தடவை எனக்குத் தெரியாமல் போன ஒரு வரியை இப்போது பார்த்தேன், தாதரில் இறங்க வேண்டியவருக்கு வழிவிடக்கூட மறந்துபோய்ப் படித்தேன்.

அம்மாவின் பென்ஷன் ஆண்டுக்கு 120 ரூபிள். நாலு மாதத்துக்கு முன் மகனுக்கு அனுப்பிய 15 ரூபிள், அந்த பென்ஷனை ஈடு காட்டி வக்ருஷின் என்ற வியாபாரியிடம் வாங்கியது. பென்ஷன் வாங்கும் உரிமையையே அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது அடையும் வரை இன்னொரு தொகை அனுப்ப வழியில்லை. இதுவரை சரி.

இப்போது துனியாவை லூசின் என்ற வக்கீலுக்கு நிச்சயம் செய்தாயிற்று. அம்மா என்ன எழுதுகிறார்? இந்தக் கல்யாணச் செய்தி ஊரில் பரவியதும் என் கடன் மதிப்பு திடீரென்று கூடிவிட்டது, அதே பென்ஷன் பேரில் வக்ருஷின் 75 ரூபிள் வரைகூட நம்பிக் கொடுப்பார், அதனால் உனக்கு 25 அல்லது 30 அனுப்புகிறேன் என்று!

பென்ஷன் ஒரு கோபெக்கூடக் கூடவில்லை. ஆனால் 15-க்கு ஈடாக இருந்தது இப்போது 75-க்கு ஈடாகிவிட்டது. இடையில் வந்தது மகளின் கல்யாணம் மட்டும்தான். அப்படியென்றால் வக்ருஷின் எதை ஈடாக வாங்குகிறார்?

கவுண்டர்நாலு (வியாழன், காலை 9.40)

அருமை அம்மா. மூன்று தடவை படித்தும் இதை இவ்வளவு துலக்கமாக நான் பார்க்கவில்லை. பத்திரத்தில் ஈடு என்று பென்ஷன் எழுதியிருக்கும். மனதில் ஈடு வரப்போகிற மாப்பிள்ளை. எங்கள் கவுண்டரிலும் உண்டு. மகன் வளைகுடா போய்விட்டான் என்று தெரிந்ததும் அதே அப்பாவுக்கு மேனேஜர் நாற்காலி போடச் சொல்வார்.

இன்னும் ஒரு படி போகலாம். ரஸ்கோல்னிகோவ் கடிதத்தைப் படித்ததும் இந்தக் கல்யாணம் நடக்காது, நான் உயிரோடு இருக்கும் வரை நடக்காது என்று தெருவில் தனக்குள் கத்திக்கொண்டு நடக்கிறான். ஆனால் பணம் வந்து சேர்கிறது, 35 ரூபிள், வக்ருஷின் மூலமாகவே. அதாவது அவன் தடுக்க நினைக்கிற கல்யாணத்தின் பேரில் வாங்கிய கடன் அவன் கையிலேயே விழுகிறது. கல்யாணம் முறிந்தாலும் கடன் நிற்கும். அதிலிருந்து நண்பன் ரசுமிகின் ஒன்பதே முக்கால் ரூபிளுக்கும் குறைவாகத் துணிமணி வாங்கிப் போடுகிறான். மீதியில் 20-ஐ வண்டியில் அடிபட்டுச் செத்த மர்மெலாதோவின் மனைவிக்கு ஈமச் சடங்குக்கென்று கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான்.

முதல் இரண்டு தடவை இதைப் பெரிய மனசு என்று படித்தேன். பென்சிலோடு படித்தபோது, அந்தப் பணத்தைக் கையில் வைத்திருக்க முடியாமல் தள்ளிவிடுகிறான் என்று பட்டது. ரஸ்யசாலை சொன்ன 317 ரூபிளும் அப்படித்தானோ என்னவோ.

ரஸ்யசாலை (வியாழன், மதியம் 1.15)

35-க்கும் 317-க்கும் முடிச்சுப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஒன்று அம்மாவின் அன்பு, மற்றது கொலையின் ரத்தம். ஆனால் கடன் மதிப்பு கூடிய வரியை நான் கவனித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். இத்தனைக்கும் இந்த நாவல் பற்றிக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

லூசின் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அவர் ஏழைப் பெண்தான் வேண்டும் என்று தேடி வந்தவர். கணவன் மனைவிக்குக் கடமைப்பட்டிருக்கக் கூடாது, மனைவிதான் கணவனை உபகாரியாக நினைக்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். அவருக்கு வட்டி வேண்டாம், நன்றி வேண்டும். கிழவியைவிட மோசம் என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்களா?

தொண்ணூறடி (வியாழன், மதியம் 1.40)

சண்டை எதற்கு. மாமியாரும் மணப்பெண்ணும் வருவதற்கு அவர் செலவு செய்வது பெட்டிகளுக்கு மட்டும். அவர்கள் ரயிலடிக்கு 90 வெர்ஸ்ட் தெரிந்த வண்டிக்காரனோடு வந்து, அங்கிருந்து மூன்றாம் வகுப்பில். வெர்ஸ்ட் என்பது கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் கூடவாம். பெட்டிக்கு ஆகிற செலவு ஆளுக்கு ஆவதைவிடக் குறைவு, ஒருவேளை சும்மாவே போய்விடும் என்று ரஸ்கோல்னிகோவ் கணக்குப் போடுகிறானே, அந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்தது. வெறும் கருத்துக்காரன் என்றால் லக்கேஜ் கணக்குப் போடுவானா?

கல்யாண்ஃபாஸ்ட் (வியாழன், மாலை 7.05)

சரி, போலீஸ் விஷயத்தில் நான் தப்பு. ஆனால் ஒரு சந்தேகம். பென்ஷன் ஆண்டுக்கு 120 என்றால் மாதம் 10. கடன் 15. முழுப் பென்ஷனையும் வக்ருஷின் எடுத்துக்கொண்டால் ஒன்றரை மாதத்தில் அடைந்திருக்க வேண்டும். ஏன் நாலு மாதம்? அவரும் கந்துவட்டிதானா? அம்மா அவரை நல்ல மனுஷர், உன் அப்பாவின் நண்பர் என்று புகழ்கிறாரே.

கவுண்டர்நாலு (வியாழன், இரவு 9.00)

நல்ல பிடி தம்பி. நாவலில் வட்டி விவரம் இல்லை. பென்ஷன் மாதாமாதம் வராமல் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்திருந்தால் கணக்கு ஒத்துப்போகும். அல்லது பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை அம்மா சாப்பிட விட்டிருக்கலாம். அப்படியென்றால் நல்ல மனுஷர்தான். இல்லை, நீங்கள் சொன்னதுபோல வட்டி தின்றிருக்கலாம். தொண்ணூறடியின் அப்பா கடிதம் ஞாபகம் வருகிறது.

சயான்வாசகி (வெள்ளி, காலை 8.30)

இன்றைக்கு போர்ஃபிரி வருகிற இடத்துக்கு வந்துவிட்டேன். விசாரணை அதிகாரி. இவன் தானாகவே அவரிடம் போகிறான், எதற்கு? கடிகாரமும் மோதிரமும் என்னுடையவை, அம்மா வந்திருக்கிறார், அப்பாவின் கடிகாரம் தொலைந்தது தெரிந்தால் தாங்க மாட்டார் என்று உரிமை கோர. இரண்டும் சேர்ந்து 5 ரூபிள்தான் பெறும் என்று இவனே சொல்கிறான். கிழவியோ இரண்டையும் காகிதத்தில் சுற்றி, மேலே இவன் பெயரையும் தேதியையும் பென்சிலால் தெளிவாக எழுதி வைத்திருக்கிறாள். அடகு வைத்தவர்களில் இதுவரை வராதது நீங்கள் ஒருவர்தான் என்கிறார் போர்ஃபிரி.

இருக்கையில் பக்கத்திலிருந்த மராத்தி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். பொருளை மீட்கப் போகிறான் என்றேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்.

பன்வெல்மீனா (வெள்ளி, காலை 8.52)

ரசீது முக்கியம். நான் வங்கியிலேயே வைக்கிறேன்.